‘வருவார்’ எப்போது ‘வந்தார்’ ஆகிறது?

கேள்வி: ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் தனியாக இருக்கிறார். அம்மா போய் மூன்று வருடம் ஆகிறது. தினமும் காலையில் பக்கத்துக் கடைக்காரருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் பால் வாங்கி வருவார். அந்த வணக்கமே இப்போது பெரிய சினேகிதமாகிவிட்டது. இதை ஒரு சிறுகதையாக எழுதி இரண்டு இதழ்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை. இன்னொன்றில், ‘நல்ல கட்டுரை’ என்று சொல்லித் திருப்பிவிட்டார்கள். என் தோழிகள் எல்லோரும் படித்துவிட்டு அழுதார்கள். கதையை இணைத்திருக்கிறேன். எங்கே தவறு?

பதில்: உங்கள் தோழிகளுக்கு உங்கள் அப்பாவைத் தெரியும், அதனால் அழுதார்கள். இதழில் உட்கார்ந்து அன்றைக்கு நாற்பதாவது கதையாக உங்களுடையதைப் பிரித்தவருக்கு அவரைத் தெரியாது. தெரியாதவருக்கும் தெரியவைப்பதுதான் உங்கள் வேலை, அந்த வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. ஆனால் ‘கட்டுரை’ என்று சொன்னாரே, அவர் உங்களை அவமானப்படுத்தவில்லை. சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார், ஏன் என்று சொல்ல அவருக்கு நேரம் இருந்திருக்காது.

நான் உங்கள் கதையை அச்செடுத்து, ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு வினைச்சொற்களை மட்டும் வட்டமிட்டுக்கொண்டே போனேன். எழுவார். குளிப்பார். கதவைப் பூட்டுவார். நடப்பார். ‘வணக்கம்’ என்பார். கடைக்காரர் சிரிப்பார். இரண்டு பேரும் பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கம் பக்கமாக இதேதான். வழக்கமாக நடப்பதைச் சொல்ல நம் மொழியில் எதிர்கால வினையைத்தான் பயன்படுத்துகிறோம், பாட்டி தன் ஊரைப் பற்றிச் சொல்லும்போது ‘அங்க ஒரு புளியமரம் இருக்கும், சாயங்காலமானா எல்லாரும் வந்து உட்காருவாங்க’ என்பாளே, அந்த வினை. கேட்க சுகமாக இருக்கும். ஆனால் அதில் எதுவும் நடப்பதில்லை. நூறு நாளை ஒன்றாக மடித்து வைத்த துணி அது. படிப்பவர் எந்த ஒரு நாளிலும் அந்தக் கடை முன்னால் போய் நிற்க முடியாது. கட்டுரை என்ற உணர்வு அங்கிருந்துதான் வருகிறது.

அம்மாவின் இறப்பைச் சொல்லும் இடத்தை விட்டால், நீங்கள் எழுதிய ஆறு பக்கத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் முதன்முதலாக ஐந்தாவது பக்கத்தில்தான் வருகிறது. ‘ஒரு நாள் அவர் வரவில்லை.’ கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த இருவருக்கிடையில் நடக்கும் ஒரே சம்பவம், ஒன்று நடக்காமல் போனதுதான்.

அந்த இடத்தையும் பேசிவிடுவோம். அவர் வரவில்லை, கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு ஓடுகிறார், கதவு தாழ் போடாமல் கிடக்கிறது, பெரியவர் காய்ச்சலில் முனகுகிறார், ரொட்டியும் பாலும் மாத்திரையும் வருகிறது. தனியாக இருக்கும் முதியவரைப் பற்றி எனக்கு வருகிற கதைகளில் பாதிக்கு மேல் இந்தக் காய்ச்சல் இருக்கும். எந்த ரொட்டி என்பதுகூட எனக்கு இப்போது தெரியும். அது பழசு என்பதல்ல என் குறை. அது காட்டுவது கடைக்காரர் நல்லவர் என்பதை மட்டும்தான். நல்ல மனுஷன் தன் கடைக்கு வரும் எந்த வாடிக்கையாளருக்கும் அதைச் செய்வார். சினேகிதம் என்று நீங்கள் சொல்லவேண்டுமானால், இந்த இருவருக்குள் மட்டுமே நடக்கக்கூடிய ஒன்று, வேறு யாரோடும் நடக்க முடியாத ஒன்று நடக்கவேண்டும். அது என்ன என்று தேடுவதுதான் மீதி வேலை. நான் தேடிப் பார்த்த வழியைச் சொல்கிறேன், நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டும் என்றில்லை.

முதலில், உங்கள் அப்பா எந்த அலுவலகத்தில் இருந்தார்? கதையில் ‘அரசு அலுவலகம்’ என்று மட்டும் இருக்கிறது. முப்பது வருடம் ஒருவன் செய்த வேலை அவன் கையிலும் கண்ணிலும் ஒட்டியிருக்கும், அதை விட்டுவிட்டு ‘தனிமை’ என்ற சொல்லை 14 தடவை எழுதியிருக்கிறீர்கள் (எண்ணினேன்). கதைக்கு நான் அவரைக் கருவூலத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். கணக்கர். 2020 ஏப்ரல் 30ஆம் தேதி 58 வயதில் ஓய்வு. ஊரடங்கு நேரம், மாலை இல்லை, பிரிவுபசாரக் கூட்டம் இல்லை, முகக்கவசம் போட்ட நாலு பேர் தூரத்தில் நின்று கை கூப்பியிருப்பார்கள். மே 7ஆம் தேதி அரசு ஓய்வு வயதை 59 ஆக்கியது. மே மாதக் கடைசியில் ஓய்வு பெறவேண்டியவருக்கே ஒரு வருடம் கூடக் கிடைத்தது. ஒரே வாரம். அடுத்த பிப்ரவரியில் 60 ஆனது. இப்படி ஒரு மனிதர் காலண்டரைப் பார்க்கும் விதமே வேறு. அவர் வருத்தப்படுகிறார் என்று நீங்கள் எழுதவே வேண்டாம், தேதியை எழுதினால் போதும்.

இன்னொன்றும் கருவூலத்தில் கிடைக்கிறது. ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று வருடத்துக்கு ஒரு முறை காட்டும் நேர்காணல் தெரியுமல்லவா. முன்பெல்லாம் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை எல்லோருக்கும் சேர்த்துத்தான் நடக்கும். மர நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, பழைய ஆட்களெல்லாம் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், யார் வரவில்லை என்று மெதுவாகக் கேட்டுக்கொள்வார்கள். பிறகு அவரவர் ஓய்வு பெற்ற மாதத்தில் வந்தால் போதும் என்று மாறிவிட்டது. கூட்டத்தைக் குறைக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஆள் ஏப்ரலில் போனால் பேச ஒருவரும் இருக்கமாட்டார், முன்பு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியில் ஒரு சின்னப் பெண் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும். இதை ஒரு பத்தியாக இழுக்காதீர்கள், இரண்டு வரி போதும். உங்கள் 14 ‘தனிமை’யையும் அந்த இரண்டு வரி தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

அப்புறம் அவருடைய குரல். தனியாக இருக்கிறவருக்குக் காலையில் வாயிலிருந்து வரும் முதல் சொல் சளியோடுதான் வரும், ஏனென்றால் முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து அந்தத் தொண்டை பேசியே இருக்காது. கடைக்குப் பத்தடி முன்னால் தெருமுனையில் நின்று அவர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார் என்று வையுங்கள். வணக்கம் சொல்வதற்கு ஒரு ஒத்திகை. அதைக் கடைக்காரர் உள்ளேயிருந்து கேட்கிறார் என்றும் வைக்கலாம். பால் பெட்டியைத் திறக்க அவருக்கு அதுவே மணியோசை.

சரி, கடைக்காரர். உங்கள் கதையின் பெரிய ஓட்டை இவர்தான். எப்போதும் சிரிக்கிறார், எப்போதும் ஆறுதல் சொல்கிறார், அவருக்கென்று ஒரு கவலையும் இல்லை. ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்: கதையில் அவர் பேசும் வரிகளை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி, மேலிருந்து கீழே படியுங்கள். எந்த வாடிக்கையாளரிடம் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வரிகளாக இருந்தால் அங்கே சினேகிதம் இன்னும் தொடங்கவில்லை. உங்கள் கதையில் எட்டு வரி பேசுகிறார், எட்டும் அப்படித்தான். அதில் இரண்டு இடத்தில் ‘நண்பரே’ என்று வேறு கூப்பிடுகிறார். பழையபேட்டையில் பால் பாக்கெட் வாங்க வந்த ரிட்டயர்டு ஆபீசரை எந்தக் கடைக்காரர் ‘நண்பரே’ என்பார்? கடைசி வரைக்கும் ‘சார்’தான். அந்தச் சொல் மாறவே கூடாது, அதற்கு முன்னும் பின்னும் இருப்பது மாறவேண்டும். ‘சார், எவ்ளோ?’ என்பது ஒன்று. ‘என்ன சார், இன்னிக்கு லேட்டு?’ என்பது இன்னொன்று, அதில் எதிர்பார்த்துக் காத்திருந்தது தெரிகிறது. பெரியவரோ முதல் வருடம் முழுக்க அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ஏனென்றால் பெயர் தெரியாது. நம்மில் எத்தனை பேருக்குப் பக்கத்துக் கடைக்காரர் பெயர் தெரியும்? எப்போது, எதில் எழுதியிருப்பதைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார் என்பதே ஒரு சம்பவம்.

அவருக்கு அந்தப் பக்கத்துப் பெயராக வையுங்கள். நான் மாதையன் என்று வைத்துக்கொள்கிறேன், பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்து கடை போட்டவர், வயது நாற்பத்தைந்து இருக்கலாம். அவர் சிரிக்கும்போது உதட்டைப் பிரிப்பதில்லை. காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும், அந்தப் பக்கத்துப் போர்த் தண்ணீரில் இருந்த ஃபுளோரைடு. பல் உருவாகிற சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்களுக்குப் பழுப்புக் கறை நிரந்தரம், தேய்த்தால் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது 2013ல், அதற்குள் மாதையன் வளர்ந்து கல்யாணமும் ஆகிவிட்டது. இதைக் கதையில் விளக்காதீர்கள். வாயை மூடியே சிரிக்கிறார் என்று ஒரு இடத்தில், பல் தெரியச் சிரித்தார் என்று இன்னொரு இடத்தில். உங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும், மற்றவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

ஆனால் பல் ஒரு அடையாளம்தான். இவருக்குக் கதையில் ஒரு பங்கு வேண்டும், பெரியவரிடமிருந்து இவருக்கு ஏதாவது தேவைப்படவேண்டும் அல்லது இவர் எதையாவது மறைக்கவேண்டும். இங்கேதான் எனக்குக் கடைகளைப் பற்றித் தெரிந்தது உதவிக்கு வந்தது. என் மாமா பாலக்கோட்டில் மளிகைக் கடை வைத்திருந்தார், பள்ளி விடுமுறையெல்லாம் எனக்கு அங்கேதான். கல்லாவுக்கு மேலே ‘இன்று ரொக்கம் நாளை கடன்’ என்று போர்டு இருக்கும், கல்லாவுக்குக் கீழே நீளமான பற்று நோட்டு இருக்கும். வீட்டுக்கு ஒரு பக்கம். ஆனால் பக்கத்தின் தலையில் ஆள் பெயர் இருக்காது. ‘மாடி வீடு’, ‘சிவப்பு கேட்’, ‘போஸ்ட்மேன் தம்பி’ என்று மாமாவுக்கு மட்டும் புரிகிற அடையாளம் இருக்கும். ஒரு குடும்பத்தில் என்ன நடக்கிறது என்பது மாமாவுக்குத் தெரிந்த அளவு சொந்தக்காரர்களுக்குத் தெரியாது. துவரம்பருப்பு ஒரு கிலோவிலிருந்து அரைக் கிலோவானால் மகன் வேலைக்கு வெளியூர் போய்விட்டான். திடீரென்று ரவையும் ரஸ்க்கும் போனால் யாருக்கோ உடம்பு சரியில்லை. கடைக்காரருக்கு ஆளைத் தெரிவதற்கு முன்னால் அளவு தெரியும்.

இதை உங்கள் கதையின் முதல் காலையில் வைத்துப் பாருங்கள். அதுவரை கடைக்குப் போனதெல்லாம் அம்மாதான், தினமும் இரண்டு பாக்கெட். அம்மா போன பிறகு, பதினாறாம் நாளோ இருபதாம் நாளோ, பெரியவர் முதல் தடவையாக வருகிறார். தொண்டையைச் செருமிக்கொண்டு ‘வணக்கம்’ என்கிறார், பால் கடையில் யாரும் வணக்கம் சொல்வதில்லை என்பது அவருக்குத் தெரியாது, அலுவலகத்துப் பழக்கம். மாதையன் கை தானாக இரண்டு பாக்கெட்டை எடுத்து வைக்கிறது. ‘ஒண்ணு போதும்.’ அவ்வளவுதான். மாதையன் ஒன்றை எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைக்கிறார். உங்கள் கதையில் அம்மாவின் இறப்புக்கு ஒன்றரைப் பக்கம் போயிருக்கிறது, மருத்துவமனை, பச்சை ஓலை, உறவினர்கள். முழுசாக எடுத்துவிடலாம். திரும்பப் பெட்டிக்குள் போகும் அந்த ஒரு பாக்கெட் போதும்.

அதே காலையில் இன்னொன்றையும் விதைத்துவிடுங்கள். பாக்கெட்டில் அச்சிட்டிருப்பதற்கு மேல் ஒரு ரூபாய், ஃபிரிட்ஜ் கரண்டுக்காக என்று கடையில் வாங்குவார்கள். கருவூலக் கணக்கருக்கு அது பொறுக்குமா? ‘இதுல போட்டிருக்கிறது வேற, நீங்க கேட்கறது வேற.’ மறுநாளிலிருந்து சரியான சில்லறையை எண்ணிக்கொண்டு வருகிறார், அந்தக் கூடுதல் ஒரு ரூபாயைத் தனியாக, சற்றுத் தள்ளி வைக்கிறார், எதிர்ப்பைப் பதிவு செய்கிற மாதிரி. எப்போதும் ரொக்கம். கடன் என்பதே அவர் வாழ்க்கையில் கிடையாது. (உங்கள் கதையில் யாரும் போனில் பணம் கட்டவில்லை என்பதைக் கவனித்தேன். இப்போது எல்லாக் கடையிலும் ஒரு பெட்டி உட்கார்ந்துகொண்டு ‘இருபது ரூபாய் பெறப்பட்டது’ என்று கத்துகிறது. மற்றவர்கள் எல்லாம் ஒரு வார்த்தை பேசாமல் ஸ்கேன் செய்துவிட்டுப் போகும் கடையில் ஒருவர் மட்டும் சில்லறை எண்ணுகிறார் என்றால், அவர் அங்கே எத்தனை விநாடி கூடுதலாக நிற்கிறார் என்று யோசித்துப் பாருங்கள்.)

இரண்டாவது காலைக்குச் சில மாதம் கழித்துப் போங்கள். காலம் போனதைச் சொல்ல உங்கள் ஊரில் மாம்பழத்தைவிட நல்ல நாட்காட்டி இல்லை, தெருவில் நீலம் வந்துவிட்டால் சீசன் முடிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். இந்தக் காலையில் பெரிதாக ஒன்றும் நடக்கவேண்டாம். பெரியவர் வரும் செருமல் கேட்டதும் மாதையன் பலகை மேலிருந்த கடலைமிட்டாய் ஜாடியை எடுத்து உள்ளே வைக்கிறார். ஏன் என்று சொல்லாதீர்கள். பெரியவரும் கவனிக்கவேண்டாம். வாசகர் பார்த்துவிட்டு மறந்துவிடவேண்டும்.

மூன்றாவது காலை, தேவை வருகிறது. மாதையன் முத்ரா லோனுக்கு எழுதப்போகிறார், பேங்க்கில் கடையின் வரவு செலவு கேட்கிறார்கள். ‘சார், நீங்க கணக்குல இருந்தவரு. இதை ஒரு தடவை கூட்டிப் பாத்துத் தர முடியுங்களா?’ பற்று நோட்டை நீட்டுகிறார். அட்டையில் பெயர். அப்போதுதான் ‘மாதையன்’ என்று பெரியவர் படிக்கிறார். இந்த ஒரு கேள்வி வியாபாரத்துக்கு வெளியே இருக்கிறது, கவனியுங்கள். ஒரு கடைக்காரர் தன் பற்று நோட்டை வெளியாளிடம் கொடுப்பது, வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். அன்று ராத்திரி வீட்டில் டிவி ஓடவில்லை. சிவப்புப் பென்சில் எங்கே என்று அலமாரியெல்லாம் தேடுகிறார்.

நாற்பத்தொன்றாம் பக்கத்தின் தலைப்பு: ‘ட்ரெசரி வீடு.’ கீழே மூன்று வருடத்துக்கு முந்தைய தேதிகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘க.மி. 10’. இருபத்திரண்டு வரி. வரவு எதுவும் இல்லை. பக்கம் அடிக்கப்படவும் இல்லை.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய் என்பதையும், வீட்டுக் கணக்கைப் பைசா விடாமல் பார்க்கிறவர் இவர் என்பதையும் முன்பே ஒரு வரியில் சொல்லியிருந்தால், இங்கே ஒன்றையும் விளக்கவேண்டியதில்லை. மனைவி ஏன் கடனில் வாங்கினாள் என்று இவருக்குத் தெரியும். வாசகருக்கும் அதே விநாடியில் தெரியும். ஜாடி ஏன் உள்ளே போனது என்பதும். இது உங்கள் அம்மா இல்லை, கதையில் வரும் அம்மா. உங்களுக்கு இது உறுத்தினால் மிட்டாயை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அவர் இவரிடம் மறைத்து, மாதையனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றாக இருக்கவேண்டும். மாதையன் அந்தப் பக்கம் இருப்பதை மறந்து கொடுத்தாரா, தெரிந்தே கொடுத்தாரா? அதைக் கதை சொல்லக்கூடாது. நீங்களே முடிவு செய்யாமல் எழுதினால் இன்னும் நல்லது.

நான்காவது காலையை எழுதிக் காட்டுகிறேன், கைச்சரக்காக அல்ல, நீளம் எவ்வளவு போதும் என்று பார்ப்பதற்காக.

நோட்டைப் பலகை மேல் வைத்தார்.

‘கூட்டிட்டேன். மொத்தத்துல எழுநூத்தி முப்பது ரூபா உங்களுக்குக் குறையுது. மூணு எடத்துல அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோக விட்டுட்டீங்க.’

‘சரிங்க சார்.’

‘நாப்பத்தி ஒண்ணாம் பக்கம்.’

மாதையன் பால் பெட்டியை நகர்த்தினார். அது இருக்கவேண்டிய இடத்தில்தான் ஏற்கெனவே இருந்தது.

‘இருநூத்தி இருபது. கூட்டல் சரியா இருக்கு.’

‘அதை விட்ருங்க சார். பத்து ரூபா மிட்டாயி. அம்மா கேட்டா எப்படி இல்லேன்னு சொல்றது.’

‘சுகர் இருந்தது தெரியுமா?’

‘மொதல்ல தெரியாதுங்க.’

‘அப்புறம்?’

ஒரு பையன் வந்து ஷாம்பு கேட்டான். மாதையன் கிழித்துக் கொடுத்தார், சில்லறை கொடுத்தார், பையன் தெரு திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

‘தெரிஞ்சப்புறமும் பத்து தடவை குடுத்திருப்பேன் சார்.’

பெரியவர் சட்டைப் பைக்குள் கையை விட்டார். எண்ணி எடுத்து வந்த சில்லறை விரலில் பட்டது. கையை வெளியே எடுத்தார்.

‘அந்த ஜாடியை எடுங்க. ரெண்டு குடுங்க, மாதையன்.’

‘சார்?’

‘இப்ப கையில காசு இல்ல. அதே பக்கத்துல எழுதிக்குங்க. கீழ.’

இங்கே நிறுத்திவிடுங்கள். ‘மன்னித்தார்’ என்று எழுதக் கை பரபரக்கும், எழுதாதீர்கள். மன்னித்தாரா என்பது எனக்கும் தெரியவில்லை, பத்து தடவை என்று கேட்ட ஒருவருக்கு அது ஒரு நாளில் தீராது. கண் கலங்கவைக்கவும் வேண்டாம். அந்த மனிதர் கதை முழுக்கச் சொல்லும் ஒரே பொய் ‘காசு இல்ல’ என்பதுதான், முதல் காலையில் நீங்கள் விதைத்த சில்லறைதான் அதைப் பொய்யாக்குகிறது, இல்லாவிட்டால் வெறும் வசனமாகப் போயிருக்கும். ரொக்கக்காரர் கடன்காரராகிறார், மனைவி இருந்த பக்கத்திலேயே. இந்த இருவருக்குள் மட்டுமே நடக்கக்கூடியது என்று சொன்னேனே, அது இதுதான். அடுத்த நாள் காலை வணக்கம் சொன்னார்களா, பல் தெரியச் சிரித்தாரா என்றெல்லாம் ஒரு பத்தி சேர்க்க ஆசை வரும். பல் தெரிவது மூன்றாவது காலையில், நோட்டைக் கொடுக்கத் தயங்கும் இடத்தில் வந்துவிட்டால் நல்லது, கடைசியில் வந்தால் திரை விழுகிற மாதிரி ஆகிவிடும்.

அளவைப் பொறுத்தவரை, நான்கு காலைக்கு மேல் போகாதீர்கள். ஐந்தாவது வந்தால் வாசகர் எண்ண ஆரம்பித்துவிடுவார். இடையில் வழக்கத்தைச் சொல்லும் ‘வருவார், வைப்பார்’ எல்லாம் சேர்த்து ஏழெட்டு வரிக்குள் அடங்கட்டும், அதை முழுசாகத் தூக்கிவிடவும் கூடாது, தினமும் நடந்தது என்ற உணர்வு அதில்தான் இருக்கிறது. ஒரு காலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் இடத்தில் மட்டும் அது வரட்டும். மொத்தம் 1,500 சொல்லுக்குள் முடிந்துவிடும் என்று நினைக்கிறேன். உங்கள் பழைய பிரதியிலிருந்து நான் வைத்துக்கொள்ளச் சொல்வது ஒரே ஒரு வரி. ‘வீட்டுக்கு வந்து பாலைக் காய்ச்சி, இரண்டு டம்ளரை எடுத்து, ஒன்றைத் திரும்ப வைத்தார்.’ அருமையான வரி, இறந்தகாலத்தில் வேறு இருக்கிறது, எப்படியோ தப்பி வந்திருக்கிறது. ஆனால் பால் பாக்கெட் திரும்பப் பெட்டிக்குப் போகும் காட்சியும் இதுவும் ஒரே அசைவு. இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். எது என்பதை நீங்கள்தான் முடிவு செய்யவேண்டும், எனக்கு டம்ளர்தான் பிடித்திருக்கிறது, ஆனால் பாக்கெட்டில் மாதையனும் இருக்கிறார்.

திரும்ப எழுத உட்காருவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரிக்குப் போங்கள். கதையைப் பற்றி அப்பாவிடம் எதுவும் கேட்கவேண்டாம், கேட்டால் ஆசிரியை மகளுக்கு ஏற்ற மாதிரி ஏதாவது சொல்வார். காலையில் அவருக்கு முன்னால் எழுந்து நீங்களே போய்ப் பால் வாங்குங்கள். யார் வீட்டுப் பெண் என்று சொல்லாமல் பாக்கெட்டைக் கேளுங்கள். கடைக்காரர் உங்கள் முகத்தைப் பார்த்து எதையாவது கண்டுபிடித்தால், உங்கள் வீட்டுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் அப்போது அவர் வாயில் வரும். அதை எழுதிக்கொண்டு வாருங்கள்.